16.6 வினாடி: வித்தியாசம் தெரியாமல் போன ஒரு சோதனையை எழுதுவது எப்படி

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆய்வை முடித்துவிட்டு வரும் முதுநிலை மாணவர்கள் பலர் உட்கார்ந்ததும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "சார், ஒண்ணும் வரலை." பி-மதிப்பு 0.05-க்கு மேலே நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்த கேள்வி இரண்டில் ஒன்றாக இருக்கும். "ஒரு போக்கு தெரியுதுன்னு எழுதலாமா சார்?" இல்லையென்றால், "பயன் இல்லைன்னே எழுதிடலாமா?"

முதல் கேள்வியில் உள்ள ஆபத்து எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் உள்ளது தெரிவதில்லை. "பயன் இல்லை" என்பது அடக்கமான பேச்சாகக் காதில் விழுகிறது. ஆனால் பல ஆய்வுகளில் அதுவும் தரவு சொல்லாத ஒன்றைச் சொல்வதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி எழுதுவது என்று காட்ட நான் எடுத்து வைப்பது ஆர்பிட்டா என்ற சோதனையை. அதன் எண்கள் எல்லாம் வெளியாகியிருக்கின்றன. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று சுருங்கி, நடந்தால் நெஞ்சு வலிக்கிறது, ஆனால் மாரடைப்பு இல்லை, நிலைமை சீராக இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தால் வலி குறைகிறது என்பது மருத்துவர்களின் நெடுநாள் அனுபவம். அதில் எவ்வளவு ஸ்டென்டின் வேலை, எவ்வளவு "எனக்குச் சிகிச்சை நடந்தது" என்ற நம்பிக்கையின் வேலை? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராஷா அல்-லாமீ தலைமையிலான குழு ஆர்பிட்டாவை நடத்தியது. 2017-ல் லான்செட் இதழில் அது வெளியானது.

ஒரே குழாயில் 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆறு வாரம் மருந்துகளைக் கூட்டிக் குறைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு 200 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: 105 பேருக்கு ஸ்டென்ட், 95 பேருக்குப் போலிச் சிகிச்சை. போலிக் குழுவில் இருந்தவர்களும் அதே அறையில், மயக்க மருந்தோடு, காதில் ஹெட்போனோடு படுத்திருந்தார்கள். குழாய்க்குள் ஸ்டென்ட் மட்டும் போகவில்லை. யார் எந்தக் குழு என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஏற்றினார்கள். முன்பைவிட எத்தனை வினாடி கூடுதலாக நடக்கிறார் என்பதுதான் முதன்மை அளவுகோல்.

இங்கே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரு குழுக்களுக்கும் இடையே 30 வினாடி வித்தியாசம் இருந்தால் அதைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆய்வைத் தொடங்குமுன்பே எழுதி வைத்திருந்தார்கள். குழுவுக்கு 100 பேர் என்ற கணக்கே அதிலிருந்து வந்ததுதான்.

முடிவு இது. ஸ்டென்ட் குழு சராசரியாக 28.4 வினாடி கூடுதலாக நடந்தது. போலிக் குழு 11.8 வினாடி. வித்தியாசம் 16.6 வினாடி. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −8.9 முதல் 42.0 வரை. பி-மதிப்பு 0.200.

சரி, "ஒண்ணும் வரலை" என்று இதைச் சொல்லலாமா?

இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் பூஜ்யம் இருக்கிறது. அதனால் "ஸ்டென்ட் நடக்கும் நேரத்தைக் கூட்டியது" என்று எழுத முடியாது. அதே இடைவெளிக்குள் 30-ம் இருக்கிறது. எந்த அளவு வித்தியாசத்தைப் பிடிப்பதற்காக ஆய்வு வடிவமைக்கப்பட்டதோ, அதே வித்தியாசத்தை இந்தத் தரவால் விலக்க முடியவில்லை. கிடைத்த 16.6 என்ற எண் பூஜ்யத்திலிருந்து 16.6 வினாடி தள்ளி இருக்கிறது, 30-லிருந்து 13.4 வினாடிதான் தள்ளி இருக்கிறது. அதாவது "பயன் ஏதும் இல்லை" என்பதைவிட "30 வினாடி பயன் உண்டு" என்பதற்கே தரவு ஒரு முடியளவு பக்கம். மாணவர்களிடம் இந்தக் கழித்தலை அவர்கள் கையாலேயே போடச் சொல்வேன். போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இடைவெளி −8 முதல் 12 வரை என்று வந்திருந்தால் கதையே வேறு. அப்போது மேல் முனைகூட 30-ஐத் தொடாது. "பொருட்படுத்தத்தக்க பயன் இருப்பதை எங்கள் தரவு விலக்குகிறது" என்று தைரியமாக எழுதலாம். அதுதான் எதிர்மறை முடிவு. ஆர்பிட்டாவுக்குக் கிடைத்தது அது இல்லை, தீர்மானமாகாத முடிவு. இரண்டுக்கும் பி-மதிப்பு 0.05-க்கு மேலேதான் இருக்கும். பி-மதிப்பை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். இந்த எச்சரிக்கையை டக்ளஸ் ஆல்ட்மனும் மார்ட்டின் பிளாண்டும் 1995-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள்: சான்று இல்லாதது வேறு, இல்லை என்பதற்குச் சான்று இருப்பது வேறு. அதனால் எழுத உட்காரும்போது நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான். இடைவெளியின் இரண்டு முனைகளையும், ஆய்வுக்கு முன்பே சொன்ன அந்த ஒரு எண்ணையும் ஒரு கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நம் முடிவு எந்த வகை என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

முன்பே அந்த எண்ணைச் சொல்லி வைக்கவில்லையா? அப்படியானால் முடிவைப் பார்த்த பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். துறையில் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் எல்லை ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு, அது பின்னால் எடுத்தது என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள்.

இடைவெளி ஏன் இவ்வளவு அகலமாக வந்தது? குறைபாடுகள் பகுதியை எழுத இந்தக் கேள்விதான் உதவும். பெரும்பாலான கட்டுரைகளில் அந்தப் பகுதியில் "மாதிரி அளவு சிறியது" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஆர்பிட்டாவின் மாதிரிக் கணக்கில், நடக்கும் நேரத்தில் வரும் மாற்றத்தின் திட்ட விலக்கம் 75 வினாடி என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி குழுவுக்கு 100 பேர் இருந்தால் இடைவெளி நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 21 வினாடி நீண்டிருக்க வேண்டும். வந்ததோ இருபுறமும் 25 வினாடிக்கு மேல். அங்கிருந்து பின்னோக்கிப் போட்டால் உண்மையான திட்ட விலக்கம் 90 வினாடியை ஒட்டி இருந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் எதிர்பார்த்ததைவிட அதிகம். "திட்ட விலக்கம் 75 என்று கணக்கிட்டோம், ஏறத்தாழ 90 வந்தது, அதனால் 30 வினாடி வித்தியாசத்தை விலக்கும் அளவுக்குத் துல்லியம் கிடைக்கவில்லை" என்று எழுதினால் அது குறைபாட்டையும் சொல்கிறது, அடுத்து ஆய்வு செய்பவர் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதற்கும் வழி காட்டுகிறது.

இதே இடத்தில் மதிப்பாய்வாளர் சிலர் "கிடைத்த முடிவை வைத்து ஆய்வின் கண்டறியும் திறனைக் கணக்கிட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கிடைத்த வித்தியாசத்தையே உண்மையான வித்தியாசம் என்று வைத்துக் கணக்கிடும் அந்தத் திறன், பி-மதிப்பை வேறு சட்டை போட்டுக் காட்டுவதுதான். பி 0.20 என்றால் திறன் 25 சதவீதத்தை ஒட்டித்தான் வரும்; அது எந்த ஆய்வாக இருந்தாலும் சரி. அதற்குப் பதிலாக நம்பிக்கை இடைவெளியைக் காட்டி, எந்த அளவு வித்தியாசத்தை விலக்க முடிகிறது, எதை முடியவில்லை என்று பதில் எழுதினால் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

இனி, மிகைப்படுத்தும் பக்கம். ஆர்பிட்டாவின் எண்களிலேயே அதற்கான தூண்டில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவையும் தனியாக எடுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டால், ஸ்டென்ட் குழுவின் 28.4 வினாடி முன்னேற்றத்துக்கு பி-மதிப்பு 0.001. போலிக் குழுவின் 11.8 வினாடிக்கு 0.235. இதை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதலாம்:

"ஸ்டென்ட் பெற்றவர்களிடம் நடக்கும் நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது, போலிச் சிகிச்சை பெற்றவர்களிடம் கூடவில்லை."

இரண்டு பாதிகளும் அட்டவணையில் உள்ளவைதான். ஒரு எண்கூடத் தப்பில்லை. ஆனால் சேர்த்துப் படித்தால், ஸ்டென்ட் போலிச் சிகிச்சையை வென்றுவிட்டது என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையிலான ஒப்பீடு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பக்கம் கோட்டைத் தாண்டியது, இன்னொரு பக்கம் தாண்டவில்லை என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஆகாது. வித்தியாசத்தை நேரடியாக அளந்தால்தான் தெரியும், அதை அளந்தபோது வந்தது −8.9 முதல் 42.0. போலிக் குழுவை இவ்வளவு பாடுபட்டு ஏற்படுத்தியதே அந்த ஒப்பீட்டுக்காகத்தான். அதை விட்டுவிட்டுக் குழுவுக்குள் நடந்ததை முன்னே வைத்தால் போலிக் குழு இருந்தும் இல்லாதது மாதிரிதான். நான் பார்க்கும் வரைவுகளில் அதிகம் வரும் தப்பு இது. எழுதுபவர் ஏமாற்ற நினைப்பதும் இல்லை. மென்பொருள் கொடுத்த அட்டவணையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும்போது சின்ன பி-மதிப்பு முதலில் கண்ணில் படுகிறது, கை அதை எழுதிவிடுகிறது.

இன்னொரு தூண்டில், துணை அளவுகோல்கள். இதயத்தை மருந்தால் தூண்டிவிட்டு எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயச் சுவரின் அசைவு ஸ்டென்ட் குழுவில் தெளிவாக மேம்பட்டிருந்தது, பி-மதிப்பு 0.0011. அடைப்பு நீங்கி ரத்தம் போகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம், கட்டுரையில் வரவேண்டியதுதான். எங்கே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முடிவுரையின் முதல் வாக்கியம் "ஸ்டென்ட் இதயச் சுவர் அசைவை மேம்படுத்தியது" என்று தொடங்கி, நடக்கும் நேரம் கடைசியில் "எனினும்" என்ற சொல்லுக்குப் பின் வந்தால், எண்களை மாற்றாமலே கட்டுரை மாறிவிட்டது. இசபெல் பூத்ரோன் குழு 2010-ல் ஜாமா இதழில் இதை எண்ணியே காட்டியது. முதன்மை அளவுகோலில் வித்தியாசம் தெரியாத 72 சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். சுருக்கத்தின் முடிவுப் பகுதியில் மட்டும் 58 சதவீதக் கட்டுரைகள் ஏதோ ஒரு விதத்தில் முடிவைச் சாதகமாகத் திருப்பியிருந்தன. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

ஆர்பிட்டாவின் ஆசிரியர்கள் இந்த இடத்தில் நேர்மையாக நடந்தார்கள். சுருக்கத்தில் முதன்மை முடிவு இடைவெளியோடும் பி-மதிப்போடும் இருக்கிறது. தலைப்பில் எந்த வெற்றியும் தோல்வியும் இல்லை. சிகிச்சை, நோய், சோதனை வகை, அவ்வளவுதான். வித்தியாசம் தெரியாத ஆய்வுக்கு இப்படிப்பட்ட தலைப்பையே நான் விரும்புவேன். "பயனற்றது" என்ற சொல் தலைப்பில் ஏறிவிட்டால் பிறகு உள்ளே எவ்வளவு நிதானமாக எழுதினாலும் அதைக் கீழே இறக்க முடியாது.

முடிவுரை வாக்கியத்துக்கு வருவோம். ஆர்பிட்டா சொன்னது, என் சொற்களில்: மருந்து எடுத்துக்கொண்டிருக்கும், கடுமையான அடைப்புள்ள நோயாளிகளிடம், போலிச் சிகிச்சையின் விளைவைவிட அதிகமாக ஸ்டென்ட் நடக்கும் நேரத்தைக் கூட்டவில்லை. இதில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவு. எந்த அளவுகோல் என்பதும் தெளிவு. நடந்ததை நடந்ததாகச் சொல்கிறது. "கூட்டாது" என்று எல்லாக் காலத்துக்கும் நீட்டவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. "கூட்டவில்லை" என்பதைப் படிப்பவர் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்வார். 42 என்ற மேல் முனை அந்த வாக்கியத்தில் இல்லை. அதே இதழில் வந்த தலையங்கம், நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைக்கும் வழக்கத்தின் சவப்பெட்டிக்கு இது கடைசி ஆணியா என்று தலைப்பிலேயே கேட்டது. கேள்விக்குறி இருந்தது உண்மை. ஆனால் −8.9 முதல் 42 வரையிலான இடைவெளி அப்படிப்பட்ட கேள்வியையே தாங்காது.

நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"மருந்துச் சிகிச்சை சரியான அளவில் நடந்துகொண்டிருந்த, ஒரு குழாயில் கடுமையான அடைப்புள்ள நோயாளிகளிடம், ஆறு வாரத்தில் ஸ்டென்ட் நடக்கும் நேரத்தைப் போலிச் சிகிச்சையைவிடக் கூட்டியது என்று காட்ட எங்களால் முடியவில்லை. வித்தியாசம் 16.6 வினாடி, 9 வினாடிக் குறைவிலிருந்து 42 வினாடிக் கூடுதல் வரை எதுவும் இந்தத் தரவோடு பொருந்தும். ஆய்வு தேடிய 30 வினாடி வித்தியாசம் விலக்கப்படவில்லை."

மூன்று வாக்கியம். சுருக்கத்தில் இடம் பத்தாது என்று சொல்வார்கள். பின்னணியில் ஒரு வரியைக் குறைத்தால் இடம் வந்துவிடும்.

பகுப்பாய்வைப் பற்றியும் ஒரு சிக்கல் எழுந்தது. தொடக்கத்தில் ஸ்டென்ட் குழு சராசரியாக 528 வினாடி நடந்தது. போலிக் குழு 490. குலுக்கலில் இப்படி ஆவது சகஜம். ஆனால் முதல் அளவில் உயரமாக இருந்தவர்கள் அடுத்த அளவில் சராசரியை நோக்கிச் சற்று இறங்குவதும், தாழ்ந்திருந்தவர்கள் ஏறுவதும் இயல்பு. அதனால் "எத்தனை வினாடி கூடியது" என்று வெறுமனே கழித்துப் பார்த்தால் உயரத்தில் தொடங்கிய குழுவுக்கு அது கொஞ்சம் பாதகம். தொடக்க அளவைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்யும் முறையே இதற்குப் பொருத்தமானது. ஆசிரியர்களே 2018-ல் வேறொரு கட்டுரையில் அப்படிச் செய்தபோது வித்தியாசம் 20.7 வினாடி ஆனது, இடைவெளி −4.0 முதல் 45.5, பி-மதிப்பு 0.100.

நல்ல முறைதான். முடிவைப் பார்த்த பிறகு போட்டது என்பதும் உண்மைதான். இப்படி ஒரு நிலை வந்தால், முன்பே அறிவித்த பகுப்பாய்வு அதன் இடத்திலேயே இருக்கட்டும். புதியதை அடுத்த பத்தியில், "முடிவு தெரிந்த பிறகு, இந்தக் காரணத்துக்காகச் செய்தோம்" என்று சொல்லிக் கொடுங்கள். இங்கே இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: பூஜ்யமும் உள்ளே, 30-ம் உள்ளே. ஒருவேளை இரண்டாவது முறையில் பி-மதிப்பு 0.04 வந்திருந்தால்? அப்போதும் வரிசை மாறக்கூடாது. "முறையைப் பொறுத்து முடிவு மாறுகிறது" என்பதே அங்கே எழுத வேண்டிய கண்டுபிடிப்பு.

அதே 2018 கட்டுரையில் இன்னொரு எண் வந்தது. நெஞ்சுவலி அறவே இல்லை என்று சொன்னவர்கள் ஸ்டென்ட் குழுவில் 49.5 சதவீதம், போலிக் குழுவில் 31.5 சதவீதம். அடித்துச் சொல்லத் தோன்றும் எண்தான். ஆனால் அது முதன்மை அளவுகோலாக வைக்கப்பட்டதில்லை. பலவற்றைப் பார்த்ததில் ஒன்று. அடுத்த சோதனையில் அந்தக் குழு நெஞ்சுவலியையே முதன்மை அளவுகோலாக்கியது. துணை முடிவைப் பயன்படுத்த எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான்.

அந்தச் சோதனை, ஆர்பிட்டா-2, 2023-ல் வெளியானது. 301 பேர், இந்த முறை நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு, 12 வாரம். நெஞ்சுவலிக் குறியீட்டின் சராசரி ஸ்டென்ட் குழுவில் 2.9, போலிக் குழுவில் 5.6, குறைந்தால் நல்லது. நடக்கும் நேரத்தில் வித்தியாசம் 59.5 வினாடி, இடைவெளி 16.0 முதல் 103.0.

இதைக் கேட்டதும் "அப்போ முதல் சோதனை தப்பா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். தப்பில்லை. முதல் சோதனை மருந்து முழு அளவில் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியது, இரண்டாவது மருந்து இல்லாதவர்களைப் பற்றியது, கேள்வியே வேறு. "மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களிடம்", "ஆறு வாரத்தில்" என்று எல்லை கட்டி எழுதிய வாக்கியம் 2023-க்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. "நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் பயன் தராது" என்று 2017-ல் எழுதியவர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மாணவி தன் வரைவைத் திறந்தார். முடிவுகள் பகுதியில் "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை (பி > 0.05)" என்று மட்டும் இருந்தது. ஆர்பிட்டாவும் அப்படி எழுதியிருந்தால், மேலே நான் போட்ட கணக்குகளில் ஒன்றைக்கூடப் போட்டிருக்க முடியாது. 30 உள்ளே இருக்கிறதா என்று பார்க்க முடியாது, திட்ட விலக்கத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது, பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவர் இதைச் சேர்க்கவும் முடியாது. அடைப்புக்குறியை அழித்துவிட்டு, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், சராசரி, திட்ட விலக்கம், வித்தியாசம், அதன் இரண்டு முனைகள் என்று வரிசையாக நிரப்பத் தொடங்கினார்.